காலியாக விட்ட மூன்று இடங்கள்

எங்கள் கடைச் சாமான்களைப் படம் எடுப்பது எனக்கென்று இருந்த வேலை. கற்பிட்டிப் பக்கத்துக் கடைத்தெருவில் என் கணவரும் அவருடைய தம்பியும் சேர்ந்து போட்ட உடுப்புக் கடை அது. அபாயா, ஷோல், பிள்ளைகளின் சட்டை என்று பெண்கள் சாமான்தான் அதிகம். தம்பி கட்டாரில் இருப்பதால் கடையில் நிற்பது என் கணவர் மட்டும். ஆண்பிள்ளை நிற்கிற கடையில் நின்று துணியை விரித்துப் பார்க்கப் பெண்களுக்குக் கூச்சம். அதனால் வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்துப் படங்களை அதிலே போடுவோம். நுரைச்சோலையில் அனல்மின் நிலையத்துக்கு வேலைக்குப் போகிறவர்களின் மனைவிமார் முதல் புத்தளம் டவுனில் இருக்கிறவர்கள் வரை அதைப் பார்த்துத்தான் எடுப்பார்கள்.

வெளியில் வைத்துப் படம் எடுக்க முடியாது. கச்சான் காற்று தொடங்கினால் அபாயா கொடிபோல ஆடும். அதனால் எங்கள் ஹோலில் ஒரு சுவருக்கு வெள்ளை அடித்து, ஆணி அடித்து, ஹேங்கரில் மாட்டி, லுஹர் தொழுகைக்கு முன்னால் ஜன்னலால் வெளிச்சம் விழுகிற நேரத்தில் எடுப்பேன். ஒரே அபாயா ஏழெட்டு நிறத்தில் வந்தால் ஒவ்வொன்றையும் பொலித்தீனில் இருந்து எடுத்து, அயன் பண்ணி, மாட்டி, எடுத்து, திரும்ப மடித்து வைக்க வேண்டும். முதுகு விட்டுப் போகும். ஆனாலும் அந்த வேலையை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. ஓ.எல். பரீட்சை தேறாத எனக்கு, ஊரில் நாலு பேர் "ராத்தாட படத்தில பாக்கிற மாதிரியே உடுப்பு வருது" என்று சொல்வது பெரிய பட்டம் மாதிரி இருந்தது.

தம்பியின் மனைவி மதிலுக்கு அந்தப் பக்கத்து வீட்டில் இருக்கிறாள். என்னைவிட வயது குறைவு. ஏ.எல். படித்து, புத்தளத்தில் கொம்பியூட்டர் வகுப்புக்கும் போனவள். என்னை ராத்தா என்பாள், நான் தங்கச்சி என்பேன். அவள் என்னிடம் ஒரு நாளும் மரியாதை தப்பி நடந்ததில்லை. இதை முதலிலேயே எழுதி வைக்கிறேன், ஏனென்றால் இனிமேல் எழுதப் போவதில் அவள்மேல் குறை இருப்பது போலத் தெரியலாம்.

ஒரு நாள் குடும்பக் குழுவில் அவள் ஒரு படம் போட்டாள். நான் எடுத்த சாம்பல் நிற அபாயாதான், ஆனால் மெரூன் நிறத்தில் இருந்தது. ஏஐ என்கிறார்களே, அதிலே என் படத்தைக் கொடுத்து "இதை மெரூனாக மாற்று" என்று எழுதினாளாம், வந்துவிட்டதாம். மெரூன் அபாயா அப்போது கடையில் பொலித்தீன் கூட உடைக்காமல் கிடந்தது. என் கணவர் ஃபோனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பாரு. நீ ஒரு பகல் மாயுற வேலைய தங்கச்சி ஒரு சொல்லுல முடிச்சிட்டா."

நல்லது என்றேன். சோற்றைப் போட்டுக் கொடுத்தேன். அவர் சாப்பிட்ட பீங்கானைக் கழுவும்போது அது உடையாமல் இருந்தது அல்லாஹ்வின் கிருபை.

பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மெரூன் அபாயாவின் பின்னால் என் வெள்ளைச் சுவரும் லேசாக ரோஸ் நிறமாகியிருந்தது. கைமடிப்பில் இருந்த பொத்தானைக் காணோம். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அடுத்த கிழமை அவள் செய்த பச்சையில் பூவேலை வேறு மாதிரி வந்தது. நீலத்தில் ஹேங்கரே இல்லை, அபாயாவுக்குள் ஒரு பெண் நின்று பல் தெரியச் சிரித்தாள், உதட்டில் சாயமும் இருந்தது. எங்கள் கடைப் படத்தில் எந்தக் காலத்திலும் முகம் வராது. என் கணவர் அஸ்தஃபிருல்லாஹ் என்று ஃபோனைக் கவிழ்த்து வைத்தார். ஆனாலும் அவளைக் குறை சொல்லவில்லை. "பழகிறா தானே" என்றார். நான் கறியில் உப்பைக் கூட்டினால் பழகுகிறாள் என்று அவர் சொன்னதில்லை.

அவள் ஒவ்வொரு படத்துக்கும் புதிதாக ஒரு வசனம் எழுதினாள். ஒரு நாள் "பச்சையாக்கு", இன்னொரு நாள் "இதே அபாயா நீலத்தில் வேண்டும்". சொல்வது மாறினால் வருவதும் மாறுகிறது. இது எனக்கு அப்போது விளங்கவில்லை. இரகசியமாக என் ஃபோனிலும் அதை இறக்கிக்கொண்டு தமிழில் எழுதிப் பார்த்தேன். எனக்கும் சுவர் ரோஸ் ஆனது. எனக்கும் பொத்தான் போனது.

விளங்கியது ஒரு பகலில். பள்ளிவாசல் ஸ்பீக்கரில் ஜனாஸா அறிவித்தல் சொன்னார்கள். இன்னாலில்லாஹி சொல்லிவிட்டு யார் என்று காது கொடுத்தேன். அந்த அறிவித்தலை நான் சின்ன வயதில் இருந்து கேட்கிறேன். வசனம் மாறாது. மௌத்தானவர் யார், எந்த இடம், எத்தனை மணிக்கு நல்லடக்கம், இந்த மூன்றும்தான் மாறும். அறிவிக்கிற ஆள் மாறினாலும் கேட்கிறவர்களுக்கு ஒன்றும் தப்பாது, ஏனென்றால் எது எங்கே வரும் என்று எல்லோருக்கும் தெரியும். மையித்துச் செய்தியில் அபாயாவை நினைத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். ஆனால் நினைத்தது நினைத்ததுதான்.

அன்றைக்கே ஃபோனில் குறிப்பு எழுதுகிற இடத்தில் ஒரு வசனம் கட்டத் தொடங்கினேன். எதெல்லாம் கெட்டுப் போனதோ அதையெல்லாம் மாறாத பகுதியில் போட்டேன். சில நாட்கள் சோதித்து, கூட்டி, குறைத்து, கடைசியில் இப்படி வந்தது:

"இந்தப் படத்தில் உள்ள (உடுப்பு) மட்டும் (நிறம்) நிறமாக மாற வேண்டும். துணி (துணி). மடிப்பு, நிழல், தையல், பொத்தான், பூவேலை எல்லாம் இருந்தபடியே இருக்க வேண்டும். சுவர், ஹேங்கர், வெளிச்சம் மாறக் கூடாது. ஆள், முகம், கை எதையும் சேர்க்க வேண்டாம்."

உடுப்பு, நிறம், துணி. அந்த மூன்று இடத்தையும் நிரப்பி, படத்தோடு சேர்த்து அனுப்பினால் போதும். உடுப்பு என்ற இடத்தில் "அபாயா" என்று சரியாகச் சொன்னால் பக்கத்தில் தொங்குகிற ஷோல் நிறம் மாறாமல் நிற்கும். துணிக்கு நிதா என்று நாங்கள் சொல்கிற பெயரை மட்டும் போட்டால் அதற்கு விளங்குவதில்லை, சாட்டின் மாதிரி மினுங்க வைத்துவிடும். "மினுக்கம் இல்லாத, கனமாக விழுகிற துணி" என்று எழுத வேண்டும். ஷிஃபோன் ஷோலுக்கு "மெல்லிய ஷிஃபோன், பின்னால் இருப்பது லேசாகத் தெரிகிற துணி." ஒரு தடவை எழுதிவிட்டால் திரும்பத் திரும்பக் கொப்பி எடுத்துப் போடலாம். பத்து ஷோலுக்கு அயன் பெட்டியைத் தொடாமல் வேலை முடிந்தது. வந்த படத்தை உண்மையான துணியோடு வாசல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, நிறம் ஒத்து வந்ததை மட்டும் எடுத்தேன். யாவாரத்தில் ஆளை ஏமாற்றுகிற பாவம் எங்கள் வீட்டுக்குள் வரக் கூடாது. கீழே "நிறம் மாற்றிய படம்" என்றும் எழுதினேன்.

கடையில் இருந்து வந்த கணவரிடம் காட்டினேன். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். சுவர் வெள்ளையாகவே இருந்தது. பொத்தான் இருந்த இடத்தில் இருந்தது.

"மாஷா அல்லாஹ். தங்கச்சி நல்லாப் பழகிட்டா."

"அவ இல்ல. நான்."

"நீயா?" என்றார்.

ஒரு சொல்தான். அதிலே கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த "நீயா" எனக்குள் முள்ளாக இறங்கி அங்கேயே நின்றது. கட்டி வந்த நாளில் இருந்து அவருடைய கடைக்குப் படம் எடுத்தவள் நான். நல்ல படத்தைக் கண்டதும் அவர் வாயில் முதலில் வந்தது இன்னொருத்தியின் பெயர்.

நோன்புக்கு முன்னால் கொழும்பில் இருந்து பெருநாள் சாமான் வந்து இறங்கியது. கடைக்குள் நடக்க இடம் இல்லை. படம் ரெண்டு விதமாக இருந்தால் குழுவில் பார்க்கிறவர்களுக்குக் குழப்பம், பெருநாள் படம் முழுவதையும் ஒரே ஆள் செய்யட்டும் என்று என் கணவர் சொன்னார். முதல் துணிக்கட்டை என்னிடம் தந்தார். இது நல்லபடியாகப் போனால் மிச்சமும் உனக்குத்தான் என்றார். அவர் என்னைச் சோதிப்பதாக நினைத்துச் சொல்லியிருக்க மாட்டார். எனக்கு அது பரீட்சையாகத்தான் இருந்தது, இன்னொருத்தியும் பக்கத்து மேசையில் இருந்து எழுதுகிற பரீட்சை.

அவள் தொடங்குவதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று அவதிப்பட்டேன். அந்த ஏஐயும் இலவசமாக ஒரு நாளைக்கு இவ்வளவு படம்தான் தரும், பிறகு நாளைக்கு வா என்று சொல்லிவிடும். ஷோல்களை முதலில் முடித்தேன். பிறகு அபாயாக்கள். கொப்பி, நிறத்தை மாற்று, போடு. கொப்பி, நிறத்தை மாற்று, போடு. அஸருக்கு முன்னால் எல்லாவற்றையும் குழுவில் ஏற்றிவிட்டு, வுழூ செய்து தொழுதேன். தொழுகையில் மனம் நிற்கவில்லை. யார் என்ன சொல்வார்கள் என்று ஃபோன் பக்கமே போனது.

ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துவிட்டு எடுத்துப் பார்த்தேன். நுரைச்சோலையில் இருந்து எங்களிடம் வழமையாக எடுக்கிற ஒரு பெண் வொய்ஸ் போட்டிருந்தாள். பின்னால் இரண்டு மூன்று பேர் சிரிக்கிற சத்தம்.

"ராத்தா, இது உடுக்கிற அபாயாவா, நுளம்பு வலையா? உள்ளுக்க ஹேங்கர்ட கம்பி கூடத் தெரியுது. இத உடுத்துட்டுப் போனா எங்கட மனுசன் ஊட்டுக்குள்ள எடுக்க மாட்டார்."

படத்தைப் பெரிதாக்கினேன். கடற்படை நீல அபாயா மெல்லிய வலை மாதிரித் தொங்கியது. அதற்குள்ளால் ஹேங்கரும் தெரிந்தது, என் வெள்ளைச் சுவரும் தெரிந்தது. ஷோலுக்கு எழுதிய "பின்னால் இருப்பது லேசாகத் தெரிகிற துணி" என்பதை நான் மாற்றவே இல்லை. உடுப்பை மாற்றினேன், நிறத்தை மாற்றினேன், துணி மட்டும் ஷிஃபோனாகவே நின்றுவிட்டது. சொன்னதைத்தான் அது செய்திருக்கிறது. அந்தத் துணிக்கட்டில் இருந்த எல்லா அபாயாவும் அப்படியே வந்திருந்தன. சின்ன ஃபோனில் சின்னப் படமாகப் பார்த்து ஏற்றியவள் நான். பர்தா விற்கிற கடையின் குழுவில், உடம்பு தெரிகிற பர்தா.

கணவர் சத்தம் போடவில்லை. எல்லாவற்றையும் அழித்தார், குழுவில் மன்னிப்புக் கேட்டு எழுதினார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"பெருநாள் படத்தத் தங்கச்சி பாக்கட்டும். நீ கொஞ்சம் ஓய்வெடு."

ஓய்வு. மதிலுக்கு அந்தப் பக்கம் அவள் சிரித்தால் என்னைப் பற்றித்தான் சிரிக்கிறாள் என்று நினைத்தேன். சிரிக்காமல் இருந்தால் என் கடைக்குப் படம் செய்துகொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். பொறாமை கூடாது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவளே நான்தான்.

அவள் செய்த படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சுவர் இன்னும் ரோஸ். அதுதான் எனக்கு ஒரே ஆறுதல்.

நோன்பு தொடங்கிய பிறகு ஒரு நாள் குசினிக் கதவால் அவளே வந்தாள். நான் கஞ்சிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு நிலையில் சாய்ந்து நின்றாள்.

"ராத்தா, உங்கட சுவர் மட்டும் எப்பிடி மாறாம நிக்குது?"

கேட்கிறதைக் கேட்டுவிட்டுத் தேங்காய்ப் பூவை எடுத்து வாயில் போட்டாள், நோன்பு ஞாபகம் வந்து துப்பிவிட்டு வாய் கொப்பளித்தாள். வேறு நாளென்றால் நான் சிரித்திருப்பேன்.

தெரியாது தங்கச்சி என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அந்த வசனம் என்னுடையது. அது என்னிடம் மட்டும் இருந்தால், இன்னும் இரண்டு மூன்று தடவை அவளுக்குச் சுவர் ரோஸ் ஆனால், வேலை என் கைக்கே திரும்பி வரும். அவளுக்கு அந்த ஒரு வசனம்தான் இல்லை, எனக்கு அது ஒன்றுதான் இருக்கிறது. தொழுதுவிட்டு வசனத்தை அனுப்புகிறேன் என்று சொல்லி அவளைப் போகச் சொன்னேன்.

தொழுதேன். முஸல்லாவில் இருந்து எழும்ப மனம் வரவில்லை. நோன்பு வாயோடு, தெரிந்ததைத் தெரியாது என்று சொல்லப் போகிறாயா என்று என்னையே கேட்டேன். கையில் தஸ்பீஹ் மணி இருந்தது, மனதில் ரோஸ் சுவர் இருந்தது. கடைசியில் ஃபோனை எடுத்து அந்த வசனத்தை அனுப்பினேன். அனுப்புகிற பொத்தானை அழுத்தும்போது என் கையால் நானே என் வேலையை எடுத்துக் கொடுக்கிறேன் என்று இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அவள் திரும்பவும் வந்தாள்.

"இதில எல்லாம் நிரம்பி இரிக்கே ராத்தா. அபாயா, நீலம், ஷிஃபோன். காலியா உள்ளது எங்க?"

காலியாக உள்ளது இல்லை. நான் அன்று அவசரத்தில் அதன் மேலேயே எழுதி எழுதி மாற்றியிருந்தேன். முதலில் கட்டிய வசனம் அழிந்துபோய், கடைசியாக நிரப்பியதுதான் மிஞ்சி இருந்தது. அவள் அதை வாசித்துக்கொண்டே வந்து ஷிஃபோன் என்ற இடத்தில் நின்றாள். நுளம்பு வலை ஏன் வந்தது என்று அவளுக்கு விளங்கிவிட்டது எனக்குத் தெரிந்தது. இப்போது சிரிப்பாள் என்று பார்த்தேன்.

"அட, இதானா," என்றாள். "எனக்கும் இப்பிடி வந்திரிக்கும் ராத்தா. நான் அவ்வளவு தூரம் எழுதவே இல்லையே."

கீழே உட்கார்ந்து என் வசனத்தைத் திரும்பக் காலியாக்கினாள். மூன்று இடத்திலும் அடைப்புக் குறிக்குள் பெரிதாகப் புள்ளி வைத்தாள். காலி வசனத்தை ஒரு நாளும் தொடக் கூடாது, அதில் இருந்து கொப்பி எடுத்துத்தான் நிரப்ப வேண்டும், புள்ளி எங்கேயாவது மிஞ்சினால் நிரப்பவில்லை என்று கண்ணுக்கே தெரியும் என்றாள். பிறகு அவளுடைய கொம்பியூட்டரில் கடைச் சாமான் பட்டியலில் நிறம், உடுப்பு, துணி என்று மூன்று பத்தி போட்டு, ஒவ்வொரு வரியும் என் வசனத்துக்குள் தானாகப் போய் விழுகிற மாதிரிச் செய்தாள். நிரப்பின வசனங்கள் வரிசையாக வந்து நின்றன. படத்தோடு சேர்த்து ஒவ்வொன்றாக அனுப்ப வேண்டியதுதான் மிச்சம். நான் நாள் கணக்கில் கட்டியதை அவள் உட்கார்ந்த இடத்தில் ஓட வைத்தாள்.

அந்த இடத்திலும் எனக்கு நெஞ்சு எரிந்தது. இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று எரிந்தது. பிழைக்குச் சிரிக்காமல் இருக்க இவளுக்கு எப்படி முடிகிறது என்று அதைவிடக் கூட எரிந்தது.

பெருநாள் படங்கள் அவள் கையால்தான் போயின. துணியின் பத்தியை மட்டும் நான் எழுதினேன், வந்த படங்களை வாசல் வெளிச்சத்தில் துணியோடு ஒத்துப் பார்த்தேன். கறுப்பு அபாயாவில் இருந்து நிறம் மாற்றினால் மடிப்புத் தெரியாமல் போகிறது, சாம்பலில் இருந்து மாற்றினால் நன்றாக வருகிறது என்று அவள் கண்டுபிடித்தாள். சாம்பல் அபாயாவை அயன் பண்ணி மாட்டிப் படம் எடுத்துக் கொடுத்தது நான். சுவர் வெள்ளையாக நின்றது. குடும்பக் குழுவில் என் கணவர் எழுதினார்: "தங்கச்சி, மாஷா அல்லாஹ், இந்த முறை படம் அச்சு மாதிரி இரிக்கி."

அவள் உடனே பதில் போட்டாள்: "வசனம் ராத்தா கட்டினது மச்சான். நான் நிரப்பினது மட்டும்தான்."

என் கணவர் அன்று வீட்டுக்கு வரும்போது எனக்குப் பிடித்த மஸ்கட் இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தார். நோன்பு திறந்துவிட்டு ஒரு துண்டைப் பிட்டு என் பீங்கானில் வைத்தார்.

பெருநாள் தொழுகைக்குத் திடலுக்குப் போனபோது பெண்கள் பக்கத்தில் அந்த மெரூனும் பச்சையும் நீலமும் வரிசையாக நின்றன. எல்லோரும் அவளைத்தான் சூழ்ந்துகொண்டார்கள், படம் பற்றிக் கேட்டார்கள். அவள் என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். நான் சிரித்தேன். உள்ளுக்குள் என்ன இருந்தது என்று அல்லாஹ் அறிவான்.

வேலை இன்றைக்கும் அவளிடம்தான். காலி வசனம் என் ஃபோனிலும் இருக்கிறது, நான் அதைத் தொடுவதில்லை. தொழுத பிறகு நான் கேட்கிற துஆவும் மாறாத வசனம்தான்: யா அல்லாஹ், இன்னாருக்குப் பரக்கத் செய்வாயாக. உம்மா, வாப்பா, கணவர், பிள்ளைகள் என்று ஒவ்வொருவரின் பெயராக அந்த இடத்தில் வைத்து வருவேன். இப்போது அவளுடைய பெயரையும் வைக்கிறேன். சில நாள் அந்த இடத்துக்கு வந்ததும் நாக்கு கொஞ்சம் நின்று விடுகிறது. காலியாக விட்டு எழும்புவதில்லை.